அந்த 15 விழுக்காடு உழவர் கைக்குப் போனதா?

அன்புள்ள ஐயா,

நானும் என் தங்கையும் சிறுதானிய நொறுக்குத்தீனி தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறோம். ஒரு நிதியுதவிக்கான விண்ணப்பத்தில் ‘சமூகத் தாக்கம்’ என்ற பகுதியை எழுத வேண்டியிருக்கிறது. கடந்த ஆண்டு 18 டன் கேழ்வரகு வாங்கினோம். 12 டன், 620 உறுப்பினர்கள் உள்ள ஓர் உழவர் கூட்டமைப்பிடம் சந்தை விலைக்கு மேல் 15 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்து வாங்கியது. மீதி வியாபாரியிடம் வாங்கியது. பொதியிடும் வேலையில் 28 பெண்கள் இருக்கிறார்கள். ஆலோசகர் ஒருவர், “620 உழவர் குடும்பங்களின் வாழ்வை உயர்த்தினோம், 28 பெண்களுக்கு வாழ்வாதாரம் தந்தோம், குழந்தைகளின் சத்துக்குறைவைப் போக்குகிறோம், தண்ணீரைச் சேமிக்கிறோம்” என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். படிக்கவே கூசுகிறது. ஆனால் இவற்றை எடுத்துவிட்டால் எழுத எங்களிடம் என்ன மிஞ்சும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

12 டன்னை 620 பேருக்குப் பகிர்ந்து பாருங்கள். தலைக்கு 19 கிலோ வரும். அரை மூட்டைகூட இல்லாத தானியத்தை ஆண்டுக்கு ஒருமுறை விற்றதால் ஒரு குடும்பத்தின் வாழ்வு உயர்ந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. விண்ணப்பத்தைப் படிப்பவர் அனுபவசாலியாக இருந்தால் முதலில் போடும் கணக்கே இதுதான். கூட்டமைப்பின் உறுப்பினர் எண்ணிக்கை கூட்டமைப்பின் அளவைச் சொல்லுமே தவிர, உங்கள் நிறுவனம் எத்தனை பேரைத் தொட்டது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆவணம் கொள்முதல் அன்று எழுதிய எடைச்சீட்டு. கூட்டமைப்பிடம் அந்தச் சீட்டுகளைக் கேட்டு வாங்கி, உங்களுக்காக எடை போட்ட பெயர்களை மட்டும் எண்ணுங்கள். 40 குடும்பங்கள் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அப்போது தலைக்கு 300 கிலோ ஆகிறது. இது சிறு நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் விளைச்சலில் கண்ணுக்குத் தெரியும் பங்கு. இதைப் பற்றி எழுதலாம்.

அடுத்தது அந்த 15 விழுக்காடு. உங்கள் கணக்குப் புத்தகத்தில் அது உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நீங்கள் கொடுத்தது கூட்டமைப்புக்கு; தாக்கம் என்று நீங்கள் எழுதப்போவது உழவருக்குக் கிடைத்ததை. இரண்டுக்கும் நடுவில் என்னென்ன நிற்கின்றன என்பதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் நேர்மையான எண் கிடைக்கும். களத்து மேட்டில் வியாபாரி ஒரு கிலோவுக்குத் தரும் விலையை 100 என்று கொள்வோம். நீங்கள் 115 கொடுக்கிறீர்கள். சாக்கு, வண்டிக்கூலி, அலுவலகச் செலவு ஆகியவற்றுக்காகக் கூட்டமைப்பு 5 எடுத்துக்கொண்டால் உழவருக்கு 110 போகிறது.

இனி எடையைக் கவனிக்க வேண்டும். வியாபாரி 14 விழுக்காடு ஈரப்பதம் உள்ள தானியத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறார். மாவில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க நீங்கள் 12 விழுக்காட்டுக்கு மேல் ஏற்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 100 கிலோவை உலர்த்திக் கொண்டுவரும்போது அது 97.7 கிலோவாகிவிடும். கல்லும் தூசியும் பதரும் நீக்கிச் சலித்துத் தர வேண்டும் என்பது உங்கள் நிபந்தனையானால் அதில் இன்னும் 3 கிலோ போகும். மிஞ்சும் 94.7 கிலோவை 110 வீதம் பெருக்கினால், அதே 100 கிலோவுக்கு வியாபாரி தரும் தொகையைவிட ஏறத்தாழ 4 விழுக்காடுதான் கூடுதலாக வருகிறது. 300 கிலோ உங்களுக்கு விற்ற குடும்பத்துக்கு அந்த ஆண்டு கிடைத்த கூடுதல் வருமானம் சுமார் 13 கிலோ கேழ்வரகின் விலை. 15 விழுக்காடு என்று எழுதியிருந்தால் படிப்பவர் அதை 45 கிலோவின் விலை என்று எண்ணியிருப்பார். உலர்த்தியதும் சலித்ததும் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள் கூலியின்றிச் செய்த வேலை என்பதையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

இந்த எண்கள் வழிமுறையைக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஈரப்பத வரம்பும் கழிவு அளவும் கூட்டமைப்பின் பிடித்தமும் வேறாக இருக்கலாம். சில இடங்களில் வியாபாரியே எடையில் தாராளமாகக் கழித்துக்கொள்வார், அப்போது கணக்கு உங்களுக்குச் சாதகமாகத் திரும்பும். பணம் கைக்கு வரும் நாளையும் விட்டுவிடாதீர்கள். வியாபாரி அன்றே ரொக்கம் தருகிறார், நீங்கள் 45 நாள் கழித்துத் தருகிறீர்கள் என்றால், விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கிய உழவர் அந்த 45 நாளுக்கு வட்டி கட்டுகிறார். 4 விழுக்காட்டு ஆதாயத்தை அந்த வட்டி விழுங்கிவிடக்கூடும். மறுபக்கம், விளைச்சல் பெருகிச் சந்தை விலை சரிந்த ஆண்டிலும் பேசிய விலைக்கே வாங்கினீர்கள் என்றால், அது கூடுதல் விலையைவிடப் பெரிய உதவி. பலர் இதை எழுத மறந்துவிட்டு எண்ணிக்கையைப் பெருக்குவதில் முனைகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

நீங்கள் வாங்காவிட்டால் அந்த உழவர் என்ன செய்திருப்பார் என்ற கேள்வியே இந்தப் பகுதி முழுவதற்கும் அடிப்படை. அவர் அதே கேழ்வரகை வியாபாரிக்கு விற்றிருப்பார் என்றால், அவருடைய மொத்த வருமானத்தை உங்கள் தாக்கமாக எழுதக் கூடாது. அந்த விலை வேறுபாடு மட்டுமே உங்களுடையது. தரிசாகக் கிடந்த நிலத்தில் உங்கள் கொள்முதலை நம்பி விதைத்தார் என்றால் அது வேறு கதை, அதைத் தனியாக எழுதலாம். ஆனால் அப்படிச் செய்தவர் எத்தனை பேர் என்று கேட்டறிந்த பிறகே எழுத வேண்டும். வியாபாரியிடம் வாங்கிய 6 டன்னுக்கு யார் விளைவித்தார், என்ன விலை பெற்றார் என்பது உங்களுக்குத் தெரியாது. அதைத் தாக்கக் கணக்கிலிருந்து நீக்கி, மூன்றில் ஒரு பங்கு தானியத்தின் மூலம் தெரியாது என்று அங்கேயே எழுதிவிடுங்கள்.

பெண்களின் எண்ணிக்கைக்குக் கூலிப் பதிவேடு போதும். 28 பேரும் சேர்ந்து ஆண்டில் 2,100 நாள் வேலை செய்திருந்தால், ஆண்டுக்கு 300 வேலைநாள் என்ற கணக்கில் அது 7 முழுநேர வேலைகளுக்குச் சமம். ஒவ்வொருவருக்கும் சராசரியாக 75 நாள். ‘வாழ்வாதாரம்’ என்ற சொல்லை 75 நாள் வேலை தாங்காது. “28 பெண்களுக்குச் சராசரியாக 75 நாள் வேலை” என்று எழுதி, உங்கள் வட்டாரத்தில் அதே வேலைக்குக் கிடைக்கும் கூலியையும் நீங்கள் கொடுக்கும் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

சத்துக்குறைவைப் பற்றிய வரியை முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தானியங்களில் இது மிக உயர்ந்த அளவு. ஆனால் உங்கள் பொட்டலம் 30 கிராம் எடையுள்ளது, அதில் 40 விழுக்காடு கேழ்வரகு என்று கொண்டால், ஒரு பொட்டலத்தில் இருப்பது 12 கிராம் கேழ்வரகு, அதாவது சுமார் 42 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் சுமார் 1,000 மில்லிகிராமில் இது 4 விழுக்காடு. தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலம் அதையும் உடல் முழுமையாக எடுத்துக்கொள்ளவிடாது. கூடவே உப்பும் எண்ணெயும் போகின்றன. தவிர, சத்துக்குறைவுள்ள குழந்தைகளின் வீடுகள் உங்கள் பொட்டலத்தை வாங்குகின்றனவா என்பதற்கு உங்களிடம் சான்று இல்லை. நல்ல தின்பண்டம் செய்வது மதிப்புள்ள வேலைதான். அதைப் பொருளைப் பற்றிய பகுதியில் எழுதுங்கள்.

தண்ணீர் வரியும் நிற்காது. அந்த நிலங்கள் ஏற்கெனவே மானாவாரியாகக் கேழ்வரகு விளைந்தவை என்றால் நீங்கள் சேமித்த தண்ணீர் எதுவும் இல்லை. பாசனப் பயிரை விட்டுவிட்டு மாறியவர் இருந்தால் மட்டுமே அந்தப் பேச்சு எழும்.

ஆலோசகரின் வரைவில் இல்லாத ஒன்றைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கேழ்வரகு அந்த வீடுகளின் உணவும்கூட. நல்ல விலை வந்தால் வீட்டுக்கென்று வைத்துக்கொள்ளும் பங்கு குறையக்கூடும். அப்படி நடக்கிறதா என்று உழவர்களிடம் கேளுங்கள். ஆம் என்று சொல்பவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். உங்களால் நேரக்கூடிய கெடுதலைத் தேடிப் பார்த்திருக்கிறீர்கள் என்பது தெரிந்தால்தான், நீங்கள் சொல்லும் நன்மையை ஒருவர் நம்புவார்.

மேலே வைத்துக்கொண்ட எண்களின்படியே எழுதினால் அந்தப் பகுதி ஏறக்குறைய இப்படி அமையும்:

“கடந்த ஆண்டு 40 குடும்பங்களிடமிருந்து, ஓர் உழவர் கூட்டமைப்பின் வழியாக, 12 டன் கேழ்வரகு வாங்கினோம். கூட்டமைப்பின் பிடித்தம், உலர்த்தல், கழிவு ஆகியவற்றைக் கழித்த பின், இவர்கள் அருகிலுள்ள வியாபாரியிடம் விற்றிருந்தால் பெற்றிருக்கும் தொகையைவிட ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதலாகப் பெற்றனர். 45 நாள் கழித்துப் பணம் தந்ததால் சிலருக்கு இந்த ஆதாயமும் மிஞ்சியிருக்காது. மேலும் 6 டன் வியாபாரியிடம் வாங்கியது. அதை விளைவித்தவர்கள் யார் என்பது எங்களுக்குத் தெரியாது. பொதியிடும் பணியில் 28 பெண்கள் சராசரியாக 75 நாள் வேலை செய்தனர். இந்த நிதி கிடைத்தால், எடை போட்ட 7 நாளுக்குள் பணம் தருவதற்கும், உலர்த்துவதற்கும் சலிப்பதற்கும் ஆகும் வேலையைக் கூலி கொடுத்துக் கொள்முதல் நிலையத்திலேயே செய்வதற்கும் அதைப் பயன்படுத்துவோம்.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். 620 குடும்பங்களை ஏற்கெனவே உயர்த்திவிட்ட நிறுவனத்துக்கு நிதி எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. ஆதாயம் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்த நிறுவனத்துக்கோ அந்த நிதியை எதில் செலவிட வேண்டும் என்பது தெரியும். பெரிய எண்களை மட்டுமே எதிர்பார்த்து இதைத் தள்ளிவிடுபவர்களும் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். அவர்களுக்கு எழுதும்போதும் இதே பத்தியைத்தான் அனுப்ப வேண்டும், ஏனென்றால் அடுத்த ஆண்டு அவர்கள் 620 குடும்பங்களின் பட்டியலைக் கேட்பார்கள்.

ஒரு பதிவை மட்டும் பின்னோக்கிச் சென்று உருவாக்க முடியாது: உங்கள் கொள்முதல் நடந்த அதே நாளில், அதே ஊரில் வியாபாரி கொடுத்த விலை. கடந்த ஆண்டுக்கு அது உங்களிடம் இல்லையென்றால், ‘ஏறத்தாழ’ என்ற சொல்லோடு, உழவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டது என்பதையும் குறிப்பிடுங்கள். வரும் அறுவடையிலிருந்து எடைச்சீட்டில் இன்னும் நான்கு கட்டங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்: அன்றைய வியாபாரி விலை, ஈரப்பதம், கழித்த எடை, பணம் கைக்கு வந்த தேதி.

அன்புடன்.