தென்னந்தோப்பில் லோரா: எட்டும் தூரமும் பேட்டரி ஆயுளும்

கேள்வி: ஐயா, பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் தோப்பு. வீட்டுக்கும் கடைசிக் கிணற்றடிக்கும் 1.2 கிலோமீட்டர், நடுவில் 300 மீட்டர் அடுத்தவர் தென்னை, மீதி வெட்டவெளி. மண் ஈரம் பார்க்க, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும் லோரா ரேடியோ மாட்யூல் வாங்கினேன். 10 கிலோமீட்டர் எட்டும் என்றுதான் விற்றார்கள். வீட்டு மாடியில் ரிசீவர் வைத்தும், கிணற்றடியில் தரையோடு வைத்த கருவியிலிருந்து ஒன்றும் வரவில்லை. 18650 பேட்டரியும் ஏழே நாளில் தீர்ந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: முதலில் தூரத்தைப் பார்ப்போம். பத்து கிலோமீட்டர் என்பது இரு முனைகளும் உயரத்தில் இருந்து, இடையில் தடை ஏதுமில்லாதபோது கிடைப்பது. தோப்பில் அதை எதிர்பார்க்கக் கூடாது. அலை போகும் வழியில் எவ்வளவு வலு குறைகிறது, ரிசீவர் எவ்வளவு மெல்லிய சிக்னல் வரை பிடிக்கும் என்ற இரண்டையும் டெசிபெல்லில் கணக்கிட்டு ஒப்பிட்டால் உங்கள் இடத்தின் நிலை தெரியும்.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், மாடியில் 8 மீட்டர் உயரத்திலும் கிணற்றடியில் 1.5 மீட்டர் உயரத்திலும் ஆன்டெனா இருந்தால், 1.2 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 102 டெசிபெல் குறையும். 300 மீட்டர் அடர்ந்த மரக்கூட்டத்துக்கான பொதுச் சூத்திரம் இன்னும் 36 டெசிபெல் சேர்க்கிறது. தென்னையில் கீற்று உச்சியிலும் கீழே மரத்தண்டு மட்டுமேயும் இருப்பதால் உண்மை இழப்பு இதைவிடக் குறையலாம். ஆனால் மழையில் நனைந்த கீற்றை மனத்தில் வைத்து முழுத் தொகையையும் எடுத்துக்கொள்கிறேன். ஆக மொத்தம் 138.

லோராவில் SF என்ற எண் கூடக் கூட, தகவல் மெதுவாகப் போகும், ஆனால் மெல்லிய சிக்னலையும் பிடிக்க முடியும். சாதாரண மாட்யூலில் 14 டெசிபெல்-மில்லிவாட் அனுப்புதிறனும், இரு முனையிலும் நல்ல ஆன்டெனாவும் இருந்தால், SF7 அமைப்பில் 141 டெசிபெல் இழப்பு வரை தாங்கும். கையில் மிச்சம் மூன்றே டெசிபெல் என்பதால் அது போதாது. SF10 அமைப்பில் தாங்குதிறன் 150 ஆகிறது, மிச்சம் 12. அதே கருவியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அதாவது 0.3 மீட்டருக்கும் குறைவாக வைத்தால், நிலத்தில் பட்டுத் திரும்பும் அலையால் 14 டெசிபெல்லுக்கும் மேல் கூடுதலாக இழந்து, அந்த மிச்சமும் கரைந்துவிடும். உங்களுக்குத் தகவல் வராததன் காரணம் பெரும்பாலும் இதுதான். எனவே அனுப்புதிறனைக் கூட்டாமல், ஆன்டெனாவை மூங்கில் அல்லது பிவிசி குழாயின் உச்சியில் ஒன்றரை மீட்டருக்கு உயர்த்துங்கள். இரும்புக் குழாயோடு ஒட்டிக் கட்ட வேண்டாம். அனுப்பும் கருவியின் நிரலில் கீழ்க்கண்டவை இருக்க வேண்டும். முதல் மூன்று வரிகள் ரிசீவரிலும் அப்படியே இருக்க வேண்டும்.

```
LoRa.begin(866E6);
LoRa.setSpreadingFactor(10);
LoRa.setSignalBandwidth(125E3);
LoRa.setTxPower(14);
LoRa.sleep();  // அனுப்பி முடித்தபின்
```

கருவியை நட்ட பிறகு நூறு தகவல் அனுப்பி, எத்தனை வந்தன என்று எண்ணுங்கள். இரைச்சலைவிடச் சிக்னல் எத்தனை டெசிபெல் மேலே அல்லது கீழே இருக்கிறது என்று ரிசீவரில் `LoRa.packetSnr()` காட்டும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். SF10 சிக்னலை ஏறத்தாழ −15 வரை பிரித்தறியலாம். வெயில் நாளில் −5 அல்லது அதற்கு மேல் இருந்தால் மழைக்கும் மிச்சம் உண்டு. −12 என்று வந்தால் தென்மேற்குப் பருவமழையில் தொடர்பு அறுபடும்.

இனி பேட்டரி. பலரும் ரேடியோவைக் குறை சொல்வார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 12 பைட் தகவல் SF10-இல் போக 0.29 விநாடி ஆகும். அனுப்பும்போது 45 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று கொண்டாலும், அரை மணிக்கு ஒருமுறை வீதம் விழிப்பு நேரமும் சென்சார் செலவும் சேர்ந்து நாளுக்கு அரை மில்லி ஆம்பியர்-மணிதான் வருகிறது. SF12-க்குப் போனாலும் அது ஒன்றைத் தொடுமே தவிர அதற்கு மேல் பெரிதாகாது.

உங்கள் பேட்டரியைத் தின்றது தூங்கும் நேரம். 2500 மில்லி ஆம்பியர்-மணி செல்லில் எழுபது விழுக்காட்டைப் பயன்படுத்தலாம் என்று வைத்து, அந்த 1750-ஐ ஏழு நாளுக்குப் பகுத்தால் இடைவிடாமல் 10 மில்லி ஆம்பியர் வடிந்திருக்கிறது. மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து, கருவி தூங்கும்போது படியுங்கள். மலிவான போர்டுகளில் உள்ள ஏஎம்எஸ் 1117 ரெகுலேட்டர் மட்டும் 5 மில்லி ஆம்பியர் எடுக்கும். பவர் விளக்கு தன் பங்குக்குச் சில எடுக்கும். எப்போதும் மின்சாரம் ஓடும் கெபாசிட்டிவ் ஈர சென்சார் இன்னும் ஐந்து. மீட்டரில் அளவு 1.6 மில்லி ஆம்பியர் என்று வந்தால் ரேடியோவைத் தூங்கவைக்க மறந்திருக்கிறீர்கள். `LoRa.sleep()` வரியைப் பாருங்கள்.

விளக்கைக் கழற்றி, எம்சிபி 1700 போன்ற சொற்ப மின்சாரம் எடுக்கும் ரெகுலேட்டரை மாற்றி, படிக்கும் நேரத்துக்கு மட்டும் சென்சாருக்கு மின்சாரம் கொடுத்தால் தூக்கச் செலவு 10 மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு இறங்கும். அப்போது நாளுக்கு மொத்தம் முக்கால் மில்லி ஆம்பியர்-மணிதான் என்பதால், வெறும் வகுத்தலில் ஆறு ஆண்டு என்று விடை வரும். அதை நம்ப வேண்டாம்: லித்தியம் செல் தானாகவே மாதம் சுமார் இரண்டு விழுக்காடு இழப்பதால், நாளுக்கு ஏறத்தாழ 1.7 கூடுகிறது. இரண்டையும் சேர்த்தால் இரண்டு ஆண்டு. வெயிலில் வெந்த பெட்டிக்குள் அதைவிடக் குறைவு. ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை செல்லை மாற்றத் திட்டமிடுங்கள். பெட்டியை மரநிழலில் வைத்தால் அதற்கு மேலும் நிற்கும்.