சிகரெட் பிடித்தால்தான் படிப்பு ஓடுகிறது

கேள்வி: எனக்கு வயது 22. சின்ன வயதிலிருந்தே எதையும் உட்கார்ந்து முடித்ததில்லை. 18 வயதில் சிகரெட் பழகியபோதுதான் முதல்முறையாக ஒரு பாடத்தை எழுந்திருக்காமல் படித்து முடித்தேன். இப்போது ஒரு நாளைக்கு 12 பிடிக்கிறேன். இரண்டு முறை விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரு பத்தியைக்கூடப் படிக்க முடியவில்லை. எனக்கு ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாட்டுப் பிரச்சினை இருக்கலாம் என்கிறாள் தோழி. அப்படியானால் சிகரெட்தான் எனக்கு மருந்தா?

பதில்: அந்த முதல் பாடம் ஓடியது உங்கள் கற்பனை அல்ல. இழுத்த புகையிலுள்ள நிக்கோடின் பத்து இருபது விநாடிகளில் மூளையை அடைந்து, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைக்கிறது. சலிப்பான வேலையிலும் மனத்தைப் பிடித்து நிறுத்த அந்த டோபமைன் தேவை. ஏடிஎச்டி உள்ளவர்களின் மூளையில் அதன் போக்குவரத்து சீராக இருப்பதில்லை. அதனால்தான் அவர்களில் பலர் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே புகைக்கத் தொடங்குகிறார்கள், விடுவதற்கும் கூடுதலாகத் திணறுகிறார்கள். சோம்பேறித்தனம் என்று திட்டு வாங்கியே வளர்ந்த பிள்ளைக்குத் திடீரென்று புத்தகம் வசப்பட்டால், அதை அவ்வளவு எளிதில் கைவிடுவானா?

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. நிக்கோடினின் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் உடலில் பாதியாகக் குறைந்துவிடும். பழகிய மூளை உடனே அதைக் கேட்கும். கேட்டது கிடைக்காதபோது வரும் தொல்லைகள் கவனச் சிதறல், எரிச்சல், இருப்புக்கொள்ளாமை. ஏடிஎச்டியின் பட்டியலும் ஏறக்குறைய இதுவே. ஆகவே, இன்று 11 மணிக்கு நீங்கள் பிடிக்கும் சிகரெட் பெரும்பாலும் 9 மணி சிகரெட் உண்டாக்கிய குறையைத்தான் சரிசெய்கிறது. நீங்கள் விட்டுப் பார்த்த மூன்றாம் நாளும் அப்படித்தான்: நிறுத்திய இரண்டு மூன்று நாள்களில் இந்தத் தொல்லை உச்சத்துக்குப் போகும், பிறகு சில வாரங்களில் படிப்படியாகத் தணியும். அந்த உச்சத்தில் நின்றுகொண்டு உங்கள் மூளையின் இயல்பை எடைபோட முடியாது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கட்டட வரைபடம் வரையும் ஓர் இளைஞர் இதே கேள்வியோடு என்னிடம் வந்தார். ஒரு நாளைக்கு 14 சிகரெட், முதலாவது கண்விழித்த பத்து நிமிடத்துக்குள். ஒரு வாரம் ஒரு சிறு நோட்டில் இரண்டே விஷயங்களை எழுதச் சொன்னேன்: சிகரெட் பிடித்த நேரம், கவனம் நழுவிய நேரம். பெரும்பாலான நழுவல்கள் கடைசி சிகரெட்டுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்திருந்தன. அவை நிக்கோடின் பசி. ஆனால் புகைத்த கையோடு உட்கார்ந்தும் ஒரு விண்ணப்பப் படிவத்தை மூன்று முறை பாதியில் விட்டிருந்தார். ஒரே வாரத்தில் இரண்டு தடவை சாவியைத் தொலைத்திருந்தார். அதற்குச் சிகரெட்டைக் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய அம்மா எடுத்துவந்த மூன்றாம் வகுப்பு மதிப்பீட்டு அட்டையில், 'விடை தெரிந்தும் பாதியில் விட்டுவிடுகிறான்' என்று ஆசிரியர் எழுதியிருந்தார். ஏடிஎச்டி என்று உறுதிசெய்ய 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும். அந்த அட்டையைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்திருக்காது.

முதலில் ஏடிஎச்டிக்குச் சிகிச்சை தொடங்கினோம். நாள் முழுக்க மெதுவாக வெளிப்படும் மெதில்பெனிடேட் மாத்திரை, காலையில் 18 மில்லிகிராம். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துப் பார்த்து 36க்கு உயர்த்தினோம் (இது அவருக்குப் பொருந்திய அளவு, உங்களுடையதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்). இதுவும் டோபமைன் வழியாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் விநாடிகளில் ஏறி இறங்காமல் மெல்ல ஏறிப் பல மணி நேரம் நிற்கிறது. முறையாக எடுத்துக்கொண்டால், அடுத்த இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று கேட்கும் அரிப்பு அதில் இல்லை. சிகரெட்டும் இந்த மாத்திரையும் இரண்டுமே இதயத் துடிப்பைக் கூட்டுபவை. அதனால் படபடப்போ மயக்கமோ முன்பு வந்திருந்தாலும், குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். தோழியிடம் மாத்திரை இருந்தால் வாங்கிப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

மாத்திரை போட்டால் சிகரெட் தானாக உதிர்ந்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கவனத்தை அது சீராக்கும், நிக்கோடின் பசியைத் தீர்க்காது. அதனால் ஐந்தாவது வாரம், வேலை நெருக்கடி இல்லாத ஒரு நாளைத் தேர்ந்து புகைப்பதை நிறுத்தினார். தோலில் ஒட்டும் 21 மில்லிகிராம் நிக்கோடின் பட்டையும், திடீர் வேட்கைக்கு 4 மில்லிகிராம் சூயிங்கமும் கொடுத்தேன். மூன்றாம் நாளே, விக்கலும் குமட்டலும் தாங்கவில்லை என்று திரும்பி வந்தார். சாதாரண சூயிங்கம்போல விடாமல் மென்றிருக்கிறார்! காரம் ஏறும்வரை நாலைந்து முறை மென்று, கன்னத்தின் ஓரம் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அந்த மருந்து விழுங்குவதற்கானது அல்ல, கன்னத்தின் உள்தோல் வழியாக இறங்குவது.

ஒன்பதாம் நாள் மாலை ஒரு சிகரெட் பிடித்துவிட்டார், பன்னிரண்டாம் நாள் இன்னொன்று. இரண்டும் மாலை ஆறு மணியை ஒட்டி. மனஉறுதி போதவில்லை என்று தன்னையே நொந்துகொண்டார். நோட்டைப் புரட்டியபோது வேறு காரணம் தெரிந்தது: மாத்திரையின் வேகம் அடங்கும் நேரமும் அதுதான். சறுக்கல் தினமும் ஒரே நேரத்தில் வந்தால் மருந்தின் இடைவெளியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஐந்தரை மணிக்கே ஒரு சூயிங்கம், கணக்குப் பார்க்கும் வேலையெல்லாம் காலைக்கு. இந்த இரு மாற்றங்களே போதுமானதாக இருந்தன.

மெதில்பெனிடேட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அடாமாக்ஸெடின் உண்டு. அதன் முழுப் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும், இரண்டே நாளில் தூக்கி எறிந்துவிடக் கூடாது. புப்ரோபியான் சிகரெட்டை விடவும் உதவும், கவனத்துக்கும் ஓரளவு கைகொடுக்கும். வலிப்பு வந்தவர்களுக்குத் தரமாட்டோம். மின்சிகரெட்டுக்கு மாறுவது இந்தப் பட்டியலில் இல்லை: அதே நிக்கோடின், அதே ஏற்றஇறக்கம்.

நீங்கள் 12தான் பிடிக்கிறீர்கள் என்றாலும், கண்விழித்து அரை மணி நேரத்துக்குள் முதலாவதைப் பற்றவைக்கிறீர்களா என்று கவனியுங்கள். உங்கள் நிக்கோடின் பசி எவ்வளவு ஆழம் என்பதை எண்ணிக்கையைவிட அது நன்றாகக் காட்டும். சூயிங்கத்தின் அளவையும் அதைப் பார்த்தே முடிவுசெய்வோம். மனநல மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு வார நோட்டையும், கிடைத்தால் பழைய பள்ளி அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

காபிப் பழக்கம் இருந்தால் இன்னொன்று. புகையிலுள்ள தார், காபியின் கஃபீனைக் கல்லீரல் வேகமாக அழிக்கும்படி தூண்டிவிடுகிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறைவதால், அதே நான்கு கோப்பை இப்போது கிட்டத்தட்ட எட்டுக்கோப்பைபோல உடலில் தங்கும். கை நடுக்கமும் தூக்கமின்மையும் வந்தவுடன், 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். புகையை நிறுத்தும் நாளன்றே காபியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.