மூலைக்கோடிட்ட தலைப்புக் கட்டம்: எக்செலில் இரு தலைப்புகள்

கேள்வி: மதிப்பெண் பட்டியலின் A1 கட்டத்தைக் குறுக்குக் கோட்டால் பிரித்து, ‘மாணவர்’, ‘பாடம்’ இரண்டையும் எழுதுவது எப்படி?

பதில்: கட்டத்தைத் தேர்ந்து `Ctrl+1` அழுத்தி, `Border` பகுதியில் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு இறங்கும் கோட்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு சில இடைவெளிகள் விட்டு ‘பாடம்’ எனத் தட்டச்சு செய்து, `Alt+Enter` அழுத்தி, அடுத்த வரியில் ‘மாணவர்’ என எழுதினால், நிரல்களுக்கான பெயர் கோட்டின் மேலேயும் நிரைகளுக்கான பெயர் கீழேயும் அமையும்.

கோடு வெறும் அலங்காரமே. எக்செலுக்கு அது இன்னும் ஒரே கட்டம்தான். ஆகவே நிரலின் அகலத்தை மாற்றினால் ‘பாடம்’ இடம் பிசகும். மிகவும் குறுக்கினால் அது தனி வரியாக உடைந்து கோட்டின் மீதே விழும். அதனால் அகலத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு இடைவெளிகளைச் சரிசெய்யுங்கள். பட்டியலிலிருந்து பிவட் அட்டவணை உருவாக்கினாலோ இரு பெயர்களும் ஒட்டிய ஒரே புலப்பெயராக வரும் என்பதால், தரவுத்தாளில் A1இல் ‘மாணவர்’ என்று மட்டும் வைத்து, கோட்டை அச்சிடும் தாளில் மட்டும் பயன்படுத்துவதே என் பரிந்துரை.