அதே சாப்பாடு, ஆனால் வயிறு மட்டும் ஏன் பெருக்கிறது?

"வயது 48. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது. சாப்பாடு மாறவே இல்லை, ஆனால் மூன்று வருடத்தில் 4 கிலோ ஏறிவிட்டது, அதுவும் வயிற்றில்தான். ஹார்மோனா?"

பாதிதான் ஹார்மோன். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று வைத்தால், 4 கிலோவை மூன்று வருடத்துக்குப் பிரிக்கும்போது தினம் 28 கலோரிதான் வருகிறது. உடல் கனக்கக் கனக்கச் செலவும் கூடுவதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் அதிகம் இருக்கும், ஆனாலும் ஒன்றிரண்டு இட்லி அளவுதான், யார் கண்ணிலும் படாது. நடுவயதில் தசை மெல்லக் குறைகிறது, நடமாட்டமும் குறைகிறது, அதனால் அதே சாப்பாடு இப்போது மிச்சமாகிறது. இது ஆண்களுக்கும் உண்டு (அவர்கள் தொப்பைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை!).

மாதவிலக்கு நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதன் வேலை வேறு: இதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு இனி வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேரும். எடை ஏறாதவர்களுக்கும் சுடிதார் வயிற்றில் இறுகுவது அதனால்தான். இரவில் உடம்பு சூடாகி வியர்த்துத் தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் கூடும்.

சாப்பாட்டை மட்டும் வெட்டினால் தசையும் சேர்ந்து கரையும். வாரம் இரண்டு நாளாவது எடை தூக்குங்கள், பருப்பு, முட்டை, மீனைக் கூட்டுங்கள். தராசைவிட இன்ச் டேப் மேல்: நம் ஊர்ப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேல் போனால் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். அப்புறம், சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை இருந்தால் தைராய்டையும் பாருங்கள், அதன் அறிகுறிகள் சில மெனோபாஸ் போலவே இருக்கும்.