பிடிஎஃப் படிவத்தின் சப்மிட் பட்டன் மெயில் புரோகிராம் கேட்கிறது

"மகளின் தமிழ் வகுப்புப் பதிவுப் படிவத்தை நிரப்பிவிட்டேன். சப்மிட் அழுத்தினால் மெயில் புரோகிராம் இல்லை என்கிறது. எனக்கு ஜிமெயில்தான், அதுவும் குரோமில். நாளைக்குள் அனுப்பணும், என்ன செய்வது?"

பட்டனை விட்டுவிடுங்கள். நிரப்பிய படிவத்தைச் சேமித்து, ஜிமெயிலில் நீங்களே இணைத்து அனுப்பினால் போதும்.

அந்தப் பட்டன் தானாக எதையும் அனுப்புவதில்லை. கணினியில் நிறுவியிருக்கும் மெயில் புரோகிராமைக் கூப்பிட்டு, கோப்பை இணைத்து ஒரு புது மடலைத் திறக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். குரோமில் திறந்திருக்கும் ஜிமெயில் அந்தக் கணக்கில் வராது. சொடுக்கினால் புது மடலைத் திறக்கும் `mailto` இணைப்புகளை ஜிமெயிலுக்குத் திருப்பிவிடச் சிலர் சொல்வார்கள். அதுவும் இதற்கு உதவாது: அந்த இணைப்பில் முகவரி, தலைப்பு, உரை போகும், கோப்பு போகாது.

படிவத்தை அக்ரோபேட் ரீடரில் நிரப்பியிருந்தால் `Save As` கொடுத்து, பிள்ளையின் பெயரில் சேமியுங்கள். குரோமிலேயே நிரப்பியிருந்தால் டவுன்லோட் அம்பை அழுத்தி `With your changes` என்பதைத் தேருங்கள். மற்றதைத் தேர்ந்தால் வெற்றுப் படிவம்தான் இறங்கும். பிறகு கோப்பை மூடி, மறுபடி திறந்து, புளோக் எண் வரை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையை மட்டும் விடாதீர்கள். வெற்றுப் படிவம் போய்ச் சேர்வது பெரும்பாலும் இங்கேதான். `Microsoft Print to PDF` வேண்டாம். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் கட்டங்கள் வெறும் படமாகிவிடும், அலுவலகத்தார் விவரங்களைக் கணினியில் எடுக்க முடியாமல் கையால் தட்ட வேண்டிவரும்.

அனுப்ப வேண்டிய முகவரி பெரும்பாலும் படிவத்தின் அடியில் இருக்கும். இல்லையென்றால் வகுப்பு நடத்துபவர்களுக்குப் போன் செய்து கேளுங்கள், ஊகிக்காதீர்கள்.

பட்டனையே பயன்படுத்த விரும்பினால், ரீடர் காட்டும் பெட்டியில் `Use Webmail` இருக்கிறதா பாருங்கள். அதில் ஜிமெயிலைச் சேர்த்து அனுமதி கொடுக்கலாம். ஆனால் சில படிவங்கள் முழுப் பிடிஎஃப்பை அனுப்பாமல், `.fdf` என்ற சின்னக் கோப்பை மட்டும் அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதற்குள் இப்படித்தான் இருக்கும்:

```
/T (child_name) /V (Kavitha)
```

கட்டத்தின் பெயரும் நீங்கள் எழுதியதும் மட்டுமே. மூலப் படிவம் பெறுபவரிடம் இருந்தால்தான் அது படிவமாகத் தெரியும். அதனால் முழுப் பிடிஎஃப்பை நீங்களே இணைப்பதே என் பரிந்துரை. அக்ரோபேட்டில் பல படிவங்களின் விவரங்களை ஒரே அட்டவணையாகச் சேர்ப்பவர்களுக்கும் நிரப்பிய பிடிஎஃப் போதும்.

அனுப்பியபின் `Sent` பெட்டியில் மடலைத் திறந்து, இணைப்பைச் சொடுக்கிப் பாருங்கள். `Drafts`-இல் கிடந்தால் அது போகவில்லை. நூலகக் கணினியில் செய்கிறீர்கள் என்றால், டவுன்லோட்ஸில் உள்ள கோப்பை அழித்து, ஜிமெயிலிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எண்ணும் வீட்டு முகவரியும் அதில் இருக்கலாம்.