உள்ளே 0.7 வோல்ட், வெளியே பூஜ்யம்: பி-என் சந்தி பற்றிய கேள்விகள்

பி-என் சந்தியில் 0.7 வோல்ட் இருக்கிறது என்கிறார்கள். டையோடின் இரண்டு கால்களிலும் மல்டிமீட்டரை வைத்தால் பூஜ்யம்தானே வருகிறது, சார்? (பி.எஸ்சி. மாணவி, நாகர்கோவில்)

மின்னழுத்தம் உள்ளே இருப்பது உண்மை, மீட்டர் காட்டுவதும் சரி. மீட்டர் அளப்பது இரண்டு முனைகளின் பெர்மி மட்ட வேறுபாட்டை. சமநிலையில் அந்த மட்டம் பி பக்கத்திலிருந்து என் பக்கம் வரை ஒரே கோடு. வேறுபாடு இல்லாதபோது மீட்டர் எதைக் காட்டும்?

நம்மூர்க் குளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குளங்களுக்கு நடுவே மடையைத் திறந்தால், நீர்மட்டம் ஒன்றாகும் வரைதான் தண்ணீர் ஓடும். பெர்மி மட்டம் அந்த நீர்மட்டம் மாதிரி. ஒரு வித்தியாசம் உண்டு. குளத்தில் தரை அசையாது, நீர்தான் ஏறி இறங்கும். சந்தியில் பட்டை என்ற தரையே ஏறி இறங்கி நீர்மட்டத்தைச் சமமாக்குகிறது. பட்டை வளைவு என்பது இதுதான்.

மீட்டரின் உலோகக் கம்பி குறைகடத்தியைத் தொடும் இரண்டு இடங்களிலும் இதேபோன்ற மின்னழுத்தப் படிகள் உண்டு. முழுச் சுற்றும் ஒரே வெப்பநிலையில் இருந்தால், எல்லாப் படிகளையும் கூட்டினால் பூஜ்யம். அப்படி இல்லையென்றால் மேசையில் சும்மா கிடக்கும் டையோடிலிருந்து காலமெல்லாம் மின்சாரம் எடுக்கலாமே!

ஒரு சோதனை செய்து பாருங்கள், மக்களே. 1N4148 போன்ற கண்ணாடி உறை டையோடை வெயிலில் வைத்தால் சில மில்லிவோல்ட் வரலாம். கையால் மூடினால் விழுந்துவிடும். ஒளி பட்டதும் சமநிலை போய்விட்டது, அதனால் மீட்டருக்குக் காட்ட ஏதோ கிடைத்தது.

பட்டை எவ்வளவு வளையும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? (பள்ளி ஆசிரியர், மார்த்தாண்டம்)

மாசு அணுக்களின் செறிவுதான். சிலிக்கனில் பி பக்கம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁷ ஏற்பான் அணுக்கள், என் பக்கம் 10¹⁵ கொடையாளி அணுக்கள் என்று வைத்துக்கொள்வோம். தூய சிலிக்கனில் அறை வெப்பநிலையில் இருப்பவை சுமார் 10¹⁰ எலக்ட்ரான்கள்.

செறிவு பத்து மடங்கு கூடும்போதெல்லாம் பெர்மி மட்டம் பட்டை இடைவெளியின் நடுவிலிருந்து சுமார் 0.06 eV விலகும். என் பக்கம் 10¹⁰-லிருந்து 10¹⁵ வரை ஐந்து படி, ஆக 0.30 eV மேலே. பி பக்கம் ஏழு படி, 0.42 eV கீழே. சேர்த்தபின் இரண்டு பெர்மி மட்டமும் ஒன்றாக வேண்டுமென்றால், பி பக்கப் பட்டைகள் என் பக்கத்தைவிட இந்த இரண்டின் கூட்டுத்தொகை அளவுக்கு உயர்ந்து நிற்க வேண்டும். துல்லியமாகப் போட்டால் 0.71 eV வரும். சூத்திரமும் இதையேதான் சொல்கிறது:

V = (kT/q) ln(Na Nd / ni²)

வகுப்பில் சூத்திரத்துக்கு முன் இந்தப் படிக்கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் சூத்திரம் தானாக விளங்கும். படம் வரையும்போது முதலில் பெர்மி மட்டத்தை நேர்கோடாகப் போட்டுவிட்டு, பிறகு பட்டைகளை வரையச் சொல்லுங்கள். பட்டையை முதலில் வரையும் பிள்ளைகள்தான் பெர்மி மட்டத்தையும் சேர்த்து வளைத்துவிடுகிறார்கள்.

இயக்கமில்லாப் பகுதி இரண்டு பக்கமும் சமமாகத்தானே இருக்கும்? (குழித்துறை)

இல்லை. எல்லையருகே எலக்ட்ரான்கள் பி பக்கமும் துளைகள் என் பக்கமும் விரவியபின், நகர முடியாத அயனிகள் வெறுமையாக நிற்கின்றன. என் பக்கம் நேர் அயனி, பி பக்கம் எதிர் அயனி. இரண்டு பக்கத்தின் மொத்த மின்னூட்டமும் சமமாக இருந்தாக வேண்டும். செறிவு குறைந்த பக்கம் அந்தக் கணக்கை அகலத்தால்தான் ஈடுகட்ட முடியும்.

மேலே சொன்ன சந்தியில் மொத்த அகலம் சுமார் 0.97 மைக்ரோமீட்டர். அதில் 0.96 என் பக்கம். பி பக்கத்துக்குக் கிடைப்பது வெறும் 0.01 மைக்ரோமீட்டர். இரண்டையும் சமமாகக் காட்டும் படம், இரு பக்கச் செறிவும் ஒன்றாக இருக்கும் சந்திக்கு மட்டுமே பொருந்தும்.

அந்தப் பகுதியில் ஓர் எலக்ட்ரான்கூட இருக்காதா? அதன் எல்லை கோடு போட்டதுபோல் இருக்குமா? (தக்கலை)

இரண்டுமே கணக்கு எளிதாவதற்காக வைத்துக்கொண்ட தோராயம். நம் எடுத்துக்காட்டில் என் பக்க எல்லை ஒரே இடத்தில் முடியாமல், மைக்ரோமீட்டரில் சில பத்தில் ஒரு பங்குக்குப் படிப்படியாக மங்கும். 0.96 மைக்ரோமீட்டர் அகலத்தில் அது கண்டுகொள்ளாமல் விடக்கூடிய அளவு இல்லை.

உள்ளேயும் மின்னூட்ட ஊர்திகள் ஓய்வதில்லை. எலக்ட்ரான்களை விரவல் ஒரு பக்கம் தள்ள, மின்புலம் அதே அளவு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. துளைகளுக்கும் தனியாக இதே கணக்கு. நிகர மின்னோட்டம் பூஜ்யமாவது இதனால்தான், ஓட்டமே நின்றுபோவதால் இல்லை.

மீட்டரால் முடியாதென்றால் அந்த 0.71-ஐ எப்படித்தான் அளப்பது? (குளச்சல்)

மின்தேக்குத்திறன் வழியாக. பின்னோக்குச் சார்பைக் கூட்டக்கூட இயக்கமில்லாப் பகுதி அகன்று மின்தேக்குத்திறன் C குறையும். திடீர்ச் சந்தியில் 1/C²-ஐ மின்னழுத்தத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அதை நீட்டினால், மின்னழுத்த அச்சை முன்னோக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 0.71 வோல்ட்டில் வெட்டும். கோடு வளைந்து வந்தால், அந்தச் சந்தியில் செறிவு சீராக இல்லை என்று அர்த்தம்.