மார்க் ஏறியது, பர்சன்டைல் ஏன் விழுந்தது?

2017இல் இருந்து நீட் மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். மாக் டெஸ்ட் பற்றி டியூஷனில் இருந்து வீட்டுக்கு வரும் கடிதத்தை எப்படிப் படிப்பது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

டீச்சர், பெண்ணின் டியூஷனில் இருந்து கடிதம் வந்தது. மூன்றாவது டெஸ்ட்டில் 75 பர்சன்டைல், நாலாவதில் 56. மார்க் என்னவோ ஏறித்தான் இருக்கிறது. அவள் அப்பா போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

போனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், அம்மா. அப்புறம் டியூஷனில் ஒன்று கேளுங்கள்: மூன்றாவது டெஸ்ட்டை எத்தனை பேர் எழுதினார்கள், நாலாவதை எத்தனை பேர்?

சென்ற வருடம் என் மாணவி ஒருத்திக்கும் இதேதான் நடந்தது. முதல் மூன்று டெஸ்ட்டை எழுதியது எங்கள் பேட்ச் 40 பேர். அவள் ரேங்க் 15, 13, 11. அவளையும் சேர்த்து, அவள் அளவோ அதற்குக் கீழோ எடுத்தவர்கள் 26, 28, 30 பேர். 40இல் 26 என்றால் 65 பர்சன்டைல். அடுத்தவை 70, 75.

தீபாவளிக்கு அப்புறம் டெஸ்ட் எழுத மட்டும் 24 ரிப்பீட்டர்கள் சேர்ந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லாமல் நாள் முழுக்க நீட்டுக்கே படிப்பவர்கள். நாலாவது டெஸ்ட்டில் அவர்களில் 20 பேர் இவளுக்கு மேலே. எங்கள் பழைய 40 பேரில் இவள் ஒன்பதாவது இடத்துக்கு ஏறியிருந்தாள், ஆனாலும் மொத்தத்தில் இவளுக்கு மேலே 28 பேர். 64இல் மீதி 36, அதாவது 56 பர்சன்டைல். அடுத்த இரண்டு டெஸ்ட்டில் 59, 66.

பிறகு ஒரு ராத்திரி உட்கார்ந்து பழைய 40 பேரை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போட்டேன். 65, 70, 75, 80, 80, 85. ஒரு டெஸ்ட்டில்கூட அவள் இறங்கவில்லை. ஆனால் நான் அனுப்பிய முதல் கடிதத்தில் 75க்குப் பக்கத்தில் 56 என்று மட்டும் எழுதியிருந்தேன். அந்த வீட்டில் ஒரு வாரம் யாரும் அவளிடம் சரியாகப் பேசவில்லையாம். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

மேடம், நான் 25 பேருக்கு டியூஷன் எடுக்கிறேன். ஆறு டெஸ்ட்டையும் ஒரு கிராஃபாகப் போட்டு அனுப்பினால் போதுமா?

25 பேரில் ஒரு ரேங்க் மாறினாலே 4 பர்சன்டைல் நகரும். நடு ரேங்க்கில் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். ஒரே ஒரு கேள்வியில் மூன்று இடம் போய்விடும். கிராஃபில் அது மலையும் பள்ளமுமாகத் தெரியும். இரண்டு ரேங்க் ஏறினாலும் இறங்கினாலும் நான் பொருட்படுத்துவதில்லை. நான் இப்போது எழுதுவது இப்படி:

"அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். உங்கள் மகளின் மார்க் 720க்கு 318இல் தொடங்கி, ஆறாவது டெஸ்ட்டில் 401க்கு வந்திருக்கிறது. முதல் மூன்று டெஸ்ட்டை 40 பேர் எழுதினார்கள். பர்சன்டைல் 65, 70, 75. நாலாவதில் இருந்து 24 ரிப்பீட்டர்கள் சேர்ந்து 64 பேர். பர்சன்டைல் 56, 59, 66. பழைய 40 பேருக்குள் மட்டும் பார்த்தால் கடைசி மூன்றும் 80, 80, 85. ஐந்தாவதில் இயற்பியலில் 14 கேள்விகள் தவறு. தெரியாததையும் ஊகித்துக் குறித்திருக்கிறாள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் போனது. ஆறாவதில் அது 6 ஆகக் குறைந்தது. அடுத்த இரண்டு டெஸ்ட்டிலும் இதைத்தான் கவனிக்கப்போகிறோம்."

பர்சன்டைல் குறைந்தால் பேப்பர் கஷ்டம் என்றுதானே அர்த்தம்? எங்கள் சார் அப்படித்தான் சொன்னார்.

மார்க் குறைந்தால் அப்படிச் சொல்லலாம். பேப்பர் கஷ்டமாக இருந்தால் எல்லோருக்கும் மார்க் குறையும், ரேங்க் பெரிதாக மாறாது. ஆனால் உங்கள் சார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இயற்பியல் மட்டும் கடினமாக வந்தால், உயிரியலை நம்பி ஏறும் பிள்ளை சறுக்கும். எந்தப் பாடத்தில் விழுந்தது என்று பிரித்துக் கேளுங்கள்.

நீட்டில் 50 பர்சன்டைல் இருந்தால் தகுதிதானே? என் பையன் டியூஷனில் 66. அப்போ பாஸ் மாதிரிதானே மேடம்?

இல்லைங்க. அந்த 50, நாடு முழுக்க எழுதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குள் பொதுப் பிரிவுக்கான கோடு. உங்கள் 66, அந்த டியூஷன் பிள்ளைகளுக்குள் மட்டும். இதை அதாக மாற்ற வழி கிடையாது. தகுதி வேறு, அரசுக் கல்லூரியில் சீட் வேறு. சீட்டுக்கு மார்க்கை எடுத்துக்கொண்டு, போன வருடக் கவுன்சலிங்கில் உங்கள் பிரிவுக்குக் கடைசி சீட் எந்த மார்க்கில் முடிந்தது என்று பாருங்கள்.

நானும் டியூஷன் எடுப்பவன்தான். ரிப்பீட்டர்களைக் கழித்துவிட்டு 85 என்று காட்டுவது பெற்றோரை ஏமாற்றுவது இல்லையா? நிஜப் பரீட்சையில் அவர்களும்தானே எழுதுகிறார்கள்?

நியாயமான கேள்வி, சார். அதனால்தான் இரண்டையும் எழுதுகிறேன். பிள்ளை எவ்வளவு நகர்ந்தது என்று 40 பேர் கணக்கு சொல்லும். எங்கே நிற்கிறது என்று 64 பேர் கணக்கு சொல்லும். எதை முதலில் எழுதுவது என்பதில்தான் எனக்கு இன்னும் முடிவில்லை. 66ஐ முதலில் வைத்தால் சில வீடுகளில் அதோடு கடிதத்தை மடித்துவிடுகிறார்கள். 85ஐ முதலில் வைத்தால் நீங்கள் சொல்லும் ஆபத்து இருக்கிறது. நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.